டெவலப்பர் கைமாற்றிவிட்டுப் போன பிறகு பொது இடம் பாழாகுது: 26 பேர் கையெழுத்துப் போட்ட புகாரை எப்படி எழுதுவது?

மூன்றாம் மாடி | மார்ச் 3, 2025, இரவு 8.40

தென்னாப்பிரிக்கா, டர்பன் வடக்கில் 48 வீட்டுக் கட்டடம், செக்‌ஷனல் டைட்டில். அதாவது வீடு அவரவர் பெயரில், பொது இடம் எல்லாருக்கும் கூட்டு. 30 வீடு விற்றாகிவிட்டது, 18 இன்னும் டெவலப்பர் பெயரிலேயே இருக்கு. முதல் வீடு பதிவானது போன வருஷம் ஆகஸ்ட் 6. அவர் கூட்டம் கூட்டி "இனி எல்லாம் உங்க கையில்" என்று சொன்னது அக்டோபர் 30.

இப்போதைய நிலை: உள்ளே வரும் பாதையில் கல் தளம் ஓரிடத்தில் உள்வாங்கிவிட்டது. தண்ணீர் பம்ப் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடி ஓடி நிற்குது. நடைபாதை விளக்குக் கம்பம் எல்லாம் அடியில் துரு. புல் முழங்கால் உயரம். குப்பை அறையில் நாற்றம் தாங்கல. டெவலப்பருக்கு ஏற்கெனவே எழுதினோம். "பராமரிப்பு பாடி கார்ப்பரேட்டின் பொறுப்பு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பாடி கார்ப்பரேட் என்றால் வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பு.

26 பேர் கையெழுத்துப் போட்டு, 11 குறைகள் எழுதி ஒரு கடிதம் தயார். கடுமையா எழுத என்ன சேர்க்கலாம்? சரி செய்யும் வரை மாதப் பராமரிப்புக் கட்டணமான லெவியைக் கட்ட மாட்டோம் என்று ஒரு வரி போடலாமா?

பீனிக்ஸ்காரன் | மார்ச் 3, இரவு 9.15

கட்டாயம் போடுங்க. பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவாங்க. அப்படியே குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பான சிஎஸ்ஓஎஸ்-ல் மனு போடுங்க, 50 ராண்ட்தான். கல் தளத்துக்குப் புது வீட்டு உத்தரவாதம் பார்க்கும் அமைப்பான என்ஹெச்பிஆர்சி-யின் 5 வருஷ உத்தரவாதம் இருக்கு, அங்கேயும் ஒரு புகார் போடுங்க. மூணு பக்கமும் அடிச்சா நகர்ந்துதானே ஆகணும்.

பழைய டிரஸ்டி | மார்ச் 3, இரவு 10.50

தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி உங்களையே திருப்பி அடிக்கும்.

முதலில் லெவி. நிறுத்தாதீங்க. லெவி டெவலப்பருக்குப் போகும் பணம் இல்லை, பாடி கார்ப்பரேட்டுக்குப் போவது. நீங்க நிறுத்தினால் பம்ப் பார்க்க ஆள் கூப்பிடவும் காசு இருக்காது. மேலே வட்டி ஏறும். சிஎஸ்ஓஎஸ் அதிகாரியோ கோர்ட்டோ கட்டச் சொல்லி உத்தரவு போட்ட பிறகும் கட்டாதவருக்குச் சாதாரணத் தீர்மானங்களில் ஓட்டும் கிடையாது. அதைவிட முக்கியம், டெவலப்பரே லெவி கட்டாமல் இருந்தால் அவரைக் கேட்கும் தகுதி உங்களுக்குப் போய்விடும். அதைத்தான் முதலில் பார்க்கணும் என்று எனக்குத் தோணுது.

அடுத்து அந்தக் கடிதம். 11 குறையையும் ஒரே தாளில் போட்டு டெவலப்பருக்கு அனுப்பினால் திரும்பவும் அதே ஒரு வரிதான் பதிலா வரும். ஏன்னா அந்தப் பதில் பாதிக் குறைகளுக்கு உண்மை. புல் வெட்டுவது பாடி கார்ப்பரேட் வேலைதான். உண்மையான பாதியைக் காட்டி மீதிப் பாதியிலிருந்தும் அவர் தப்பிச்சுடுவார்.

அதனால் மூணா பிரிங்க. கட்டும்போதே தப்பாக் கட்டினது ஒரு குவியல், இது டெவலப்பருக்கும் பில்டருக்கும். விற்காத 18 வீட்டுக்கு அவர் கட்ட வேண்டிய லெவி இன்னொன்று, இது டெவலப்பருக்கு, ஆனால் ஒரு உரிமையாளர் என்ற முறையில். மூணாவது, நாம செய்யாமல் விட்ட பராமரிப்பு. இது பாடி கார்ப்பரேட்டை நடத்தும் உங்க டிரஸ்டிகளுக்கும் மேனேஜிங் ஏஜெண்டுக்கும்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. அவர் 18 வீட்டுக்கு லெவி கட்டுகிறாரா? டிரஸ்டிகள் யார்?

போர்ட் லூயி வாசி | மார்ச் 4, காலை 6.30

மொரீஷியஸில் நாங்கள் கட்டட நிர்வாகியான சிண்டிக்கிடம்தான் போவோம். கட்டடத்துக்குப் பில்டர் 10 வருஷப் பொறுப்பு, சிவில் கோடிலேயே இருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவைக் கடிதத்தில் எழுதுங்கள், பயப்படுவார்கள்.

பழைய டிரஸ்டி | மார்ச் 4, காலை 7.05

ஐயா, அது பிரெஞ்சு வழி வந்த சட்டம். தென்னாப்பிரிக்காவில் செல்லாது. இங்கே 2016 அக்டோபர் 7-ல் நடைமுறைக்கு வந்த செக்‌ஷனல் டைட்டில்ஸ் ஸ்கீம்ஸ் மேனேஜ்மென்ட் சட்டமும் அதன் விதிகளும்தான். வேற நாட்டுச் சட்டத்தைக் கடிதத்தில் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் மீதியைப் படிக்கவே மாட்டார்.

மூன்றாம் மாடி | மார்ச் 4, இரவு 9.20

அக்கா, டிரஸ்டிகள் நாலு பேர். ரெண்டு பேர் நம்ம ஆட்கள், ரெண்டு பேர் டெவலப்பர் அலுவலகத்து ஆட்கள். மேனேஜிங் ஏஜெண்டை அமர்த்தியதும் அவர்தான்.

லெவி கட்டுகிறாரா என்று ஏஜெண்டிடம் போனில் கேட்டேன். "டெவலப்பருடன் ஷார்ட்ஃபால் ஏற்பாடு இருக்கு, வீட்டுக்கு வீடு லெவி கிடையாது, பணம் குறைந்தால் அவர் போடுவார்" என்றார். குறைந்துதானே இருக்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

அக்டோபர் கூட்டத்தில் நிறைவேறிய பட்ஜெட்: நிர்வாகச் செலவு மாதம் 72,000 ராண்ட்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 4, இரவு 9.55

48-ல் 18 என்றால் 37.5 சதவீதம். 72,000-ல் 27,000 ராண்ட். மாதாமாதம் அவ்வளவும் வராமல் எப்படித் தோட்டக்காரருக்குக் கொடுப்பது? புல் ஏன் வளர்ந்தது என்பதற்கு இதுவே விடை.

பழைய டிரஸ்டி | மார்ச் 4, இரவு 10.30

விடை சரி, தொகை சரியில்லை. லெவியை வீட்டு எண்ணிக்கைப்படி பிரிப்பதில்லை, கோட்டாப்படி பிரிக்கணும். குடியிருப்பில் கோட்டா என்பது மொத்தத் தரைப் பரப்பில் அந்த வீட்டின் பங்கு. பல இடத்தில் பெரிய மேல்மாடி வீடுகள் கடைசியில் விற்கும், அப்படியானால் டெவலப்பர் கையில் மிச்சமிருக்கும் வீடுகளின் கோட்டா எண்ணிக்கையைவிடக் கூடுதலா இருக்கலாம். செக்‌ஷனல் பிளானின் கடைசித் தாள்களில் நாலு தசமத்தில் அட்டவணை இருக்கும், அதைக் கூட்டுங்க.

இன்னொன்று, பட்ஜெட்டில் ரிசர்வ் நிதி எங்கே? நிர்வாக நிதி தனி, ரிசர்வ் தனி. புதுக் கட்டடத்தில் ரிசர்வ் கையிருப்பு சுழிதான். கையிருப்பு ஒரு வருஷ நிர்வாக லெவியில் கால்வாசிக்கும் கீழே இருந்தால், நிர்வாக லெவியில் குறைந்தது 15 சதவீதம் ரிசர்வுக்கு வாங்கியே ஆகணும்.

மூன்றாம் மாடி | மார்ச் 5, மாலை 6.10

பிளான் பார்த்தேன். அவருடைய 18 வீட்டின் கோட்டா 41.2500. ரிசர்வ் வரியும் இருக்கு, மாதம் 10,800.

கணக்குப்பிள்ளை | மார்ச் 5, மாலை 6.45

திருத்திக்கொள்கிறேன். மொத்தம் 82,800. அதில் 41.25 சதவீதம் 34,155 ராண்ட். நான் சொன்னதைவிட மாதம் 7,155 கூட. ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏழு மாதம் வைத்தால் 2,39,085.

பழைய டிரஸ்டி | மார்ச் 5, இரவு 8.00

இந்த ஏழு மாதத்தில் ஒரு கோடு போடணும். பட்ஜெட் நிறைவேறியது அக்டோபர் 30. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாலு மாதம், 1,36,620 ராண்ட். இதில் அவர் வாதாட ஒன்றுமில்லை. கூட்டம் ஏற்ற பட்ஜெட், அவர் பதிவான உரிமையாளர், சட்டத்தில் விற்காத வீட்டுக்கு விலக்கு கிடையாது. ஷார்ட்ஃபால் ஏற்பாடு என்பது அவரும் அவரே அமர்த்திய ஏஜெண்டும் பேசிக்கொண்டது. அதைக் காட்டி கோட்டாவை மீற முடியாது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூணு மாதம் வேற கதை. அப்போது கூட்டம் ஏற்ற பட்ஜெட் கிடையாது. ஆனால் அதே மாதங்களுக்கு உங்ககிட்ட லெவி வாங்கியிருந்தால், எந்த அடிப்படையில் வாங்கினாரோ அதே அடிப்படை அவருக்கும் பொருந்தும் என்று நான் சொல்வேன். வக்கீல்களில் ரெண்டு விதமாகவும் சொல்பவர்கள் உண்டு. அதனால் கடிதத்தில் ரெண்டு தொகையையும் தனித்தனியா எழுதுங்க. சேர்த்து எழுதினால் சந்தேகமான மூணு மாதத்தைக் காட்டி உறுதியான நாலு மாதத்தையும் இழுத்தடிப்பார்.

கூட்டமும் தாமதம். பாடி கார்ப்பரேட் உருவாவது டெவலப்பர் அல்லாத ஒருவர் உரிமையாளர் ஆகும் நாளில், உங்களுக்கு ஆகஸ்ட் 6. 60 நாளுக்குள் கூட்டணும், அதாவது அக்டோபர் 5-க்குள். அந்தக் கூட்டத்தில் செக்‌ஷனல் பிளான், அதுவரை அவர் நகராட்சிக்குக் கட்ட வேண்டிய ரேட்ஸ் கட்டியாச்சு என்ற சான்று, முதல் ஆள் குடிவந்த நாளிலிருந்து பாடி கார்ப்பரேட் உருவான நாள் வரை வரவு செலவு கணக்கு, மிச்சமிருந்தால் அந்தப் பணம், எல்லாம் கொடுக்கணும். விதி 16-ன்படி கான்ட்ராக்டர்கள் விவரம், வாரண்டி, இயந்திரக் கையேடு இவையும் வரணும். எது வந்தது?

மூன்றாம் மாடி | மார்ச் 5, இரவு 9.30

பிளான் மட்டும். கையேடு, வாரண்டி ஒன்றும் இல்லை.

டொங்காட் தம்பி | மார்ச் 6, மதியம் 12.20

எங்க எஸ்டேட்லயும் இதே கதைதான். காலி மனைகளுக்கு டெவலப்பர் லெவி கட்டல. அந்த 41 சதவீதக் கணக்கை எங்களுக்கும் போட்டுத் தாங்களேன்.

பழைய டிரஸ்டி | மார்ச் 6, மதியம் 1.00

தம்பி, தனித்தனி மனை, தனித்தனி வீடு என்றால் உங்களுடையது ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன். கோட்டா கிடையாது, இந்தச் சட்டமும் உங்களுக்கு இல்லை. உங்க அசோசியேஷன் சாசனத்தை எடுத்து "டெவலப்மென்ட் பீரியட்" என்ற பகுதியைப் படிங்க. பல இடத்தில் அந்தக் காலம் முடியும் வரை டெவலப்பருக்கு லெவி விலக்கு என்று அங்கேயே எழுதி வைத்திருப்பாங்க. சிஎஸ்ஓஎஸ் மட்டும் உங்களுக்கும் பொது. தனி இழை தொடங்குங்க, அங்கே பேசலாம்.

குழாய் வேலை | மார்ச் 6, இரவு 7.40

பணக் கணக்கு நடக்கட்டும். கல் தளத்தையும் பம்பையும் ஒரே வகைக் குறையா எழுதியிருக்கீங்க, ரெண்டும் வேற வேற.

பம்ப் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடி நின்றால் பத்துக்கு ஒன்பது தடவை பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். உள்ளே ரப்பர் பை இருக்கு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காற்று. காற்றுப் பக்கம் கார் டயர் வால்வு மாதிரியே ஒரு வால்வு. பம்பை அணைச்சு, டேங்கிலுள்ள தண்ணீரை முழுசா வடிச்சுட்டு, டயர் கேஜ் வைத்துப் பாருங்க. பம்ப் 2.5 பாரில் ஓடத் தொடங்குதுன்னா காற்று 2.3 அளவில் இருக்கணும். குறைந்திருந்தால் பம்ப் அடிச்சு ஏத்தலாம். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் சொட்டினால் பை கிழிஞ்சாச்சு, மாத்தணும். தண்ணீர் வடிக்காமல் கேஜ் வைக்காதீங்க, தண்ணீர் அழுத்தத்தைத்தான் அது காட்டும்.

காற்று இறங்கினது யார் தப்பும் இல்லை, பராமரிப்பு. வருஷம் ரெண்டு தடவை யாராவது பார்க்கணும். இப்படியே ஓடினால் மோட்டார் எரியும், அப்போ செலவு பெருசு. டெவலப்பர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பாருங்க.

கல் தளம் எங்கே உள்வாங்குது? வட்டமாவா, நீளமாவா?

மூன்றாம் மாடி | மார்ச் 8, காலை 11.15

நீளமா. கேட்டிலிருந்து மழைநீர்த் தொட்டி வரை ஒரே கோடு, 9 மீட்டர். 2 மீட்டர் நேர்ப்பலகை குறுக்கே வைத்து அளந்தேன், நடுவில் 40 மில்லிமீட்டர் பள்ளம்.

பீனிக்ஸ்காரன் | மார்ச் 8, காலை 11.40

அதான் சொன்னேனே, என்ஹெச்பிஆர்சி 5 வருஷம்.

குழாய் வேலை | மார்ச் 8, மதியம் 2.10

அந்த 5 வருஷம் பெரிய கட்டமைப்புக் குறைக்கு மட்டும். அஸ்திவாரம் இறங்குவது, சுமை தாங்கும் சுவர் பிளப்பது மாதிரி. கூரை ஒழுக்குக்கு 12 மாதம். வேலைத் தரம், பிளானுக்கு மாறாகச் செய்தது இவற்றுக்கு 3 மாதம்தான். வண்டிப் பாதை கல் தளத்தை 5 வருஷத்தில் சேர்க்க மாட்டாங்க.

ஒரே கோடாப் போகுதுன்னா கீழே குழாய்ப் பள்ளம். குழாய் போட்டுட்டு மண்ணைத் திரும்பக் கொட்டும்போது அடுக்கடுக்காப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கெட்டிக்கணும். ஒரே தடவையாத் தள்ளி மேலாக மட்டும் மெஷின் ஓட்டினால் முதல் மழைக்காலத்திலேயே இறங்கும். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கலாம். குழாய் இணைப்பு சரியா மூடாமல் இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் சுத்தியுள்ள மண் அந்த இடுக்கு வழியாக் குழாய்க்குள் இழுத்துட்டுப் போகும்.

கெட்டிக்காத மண் ஒரு அளவுக்கு இறங்கி நின்றுடும். மண் குழாய்க்குள் போகுதுன்னா ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் வளரும். அடுத்த நல்ல மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே இடத்தில் அளங்க, கல்லில் பெயிண்டால் அடையாளம் போட்டுக்கோங்க. மழை நின்ற பிறகு தொட்டி மூடியைத் திறந்து அடியைப் பாருங்க.

பழைய டிரஸ்டி | மார்ச் 8, மாலை 5.30

இது முதல் குவியல். இங்கே பிடிமானம் டெவலப்பருக்கும் பில்டருக்கும் இடையிலான கட்டுமான ஒப்பந்தம். கட்டுமானத் துறையின் பொது மாதிரியான ஜேபிசிசி ஒப்பந்தமா இருந்தால் வேலை முடிந்ததிலிருந்து வழக்கமா 90 நாள் குறை நிவர்த்திக் காலம். வெளியே தெரியாத குறைகளுக்கு 5 வருஷப் பொறுப்பு. பள்ளத்துக்குள் புதைந்தது வெளியே தெரியாத குறைதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் பாடி கார்ப்பரேட் ஒரு தரப்பு இல்லை. அதனால் பில்டரிடம் நேரே போக முடியாது. டெவலப்பரே பில்டரை அழைக்கணும், இல்லையென்றால் அந்த உரிமையைப் பாடி கார்ப்பரேட் பெயருக்கு எழுதித் தரணும். கடிதத்தில் இந்த ரெண்டில் ஒன்றைக் கேளுங்க. "சரி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் ரெண்டு லாரி மணல் கொட்டி மேலாகச் சமன் பண்ணிட்டுப் போயிடுவாங்க.

நாளையும் குறித்து வைங்க. கடன் வழக்குகளுக்குப் பொதுவா 3 வருஷக் காலவரம்பு. குறை தெரிய வந்த நாளிலிருந்து ஓடும். உங்களுக்குத் தெரிந்ததற்கு இந்த இழையே சாட்சி.

மூன்றாம் மாடி | மார்ச் 14, காலை 7.50

ராத்திரி நல்ல மழை. காலை 6 மணிக்குப் போய் அளந்தேன்: 40 இருந்தது 55 ஆயிருக்கு. தொட்டி மூடியை ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். அடியில் சிவப்பு மண் ஒரு சாண் உயரம் குவிஞ்சிருக்கு. கேட் பக்கத்திலிருந்து வரும் குழாயின் வாய்க்கு நேர் கீழே விசிறி மாதிரி பரவியிருக்கு, மத்தக் குழாய் வாய்கள் சுத்தம். தோட்டத்து மண் கறுப்பு, இது சிவப்பு.

குழாய் வேலை | மார்ச் 14, காலை 8.20

அப்போ இணைப்புதான். அந்த மண்ணை அள்ளிப் போடாதீங்க, போட்டோ எடுத்த பிறகு ஒரு டப்பாவில் எடுத்து வைங்க. தளத்துக்கு அடியில் இருக்கும் மண்ணோடு ஒப்பிடலாம். குழாய்க்குள் கேமரா விட்டால் எந்த இணைப்பு என்று மீட்டரோடு தெரியும். அதைச் செய்துட்டு எழுதினால் டெவலப்பர் "மரவேர்" "கனமான வண்டி" என்று சொல்ல முடியாது. அந்தக் கோட்டில் குப்பை லாரியை விடாதீங்க, ரெண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்க.

பீனிக்ஸ்காரன் | மார்ச் 14, மாலை 6.00

என்ஹெச்பிஆர்சி விஷயத்தில் நான் சொன்னது தப்பு, சரி. ஆனா சிஎஸ்ஓஎஸ் இதைக் கேட்கும்தானே? பொது இடம்தானே?

பழைய டிரஸ்டி | மார்ச் 14, இரவு 8.45

கேட்கும், ஆனால் நீங்க நினைக்கிற ஆளுக்கு எதிரா இல்லை. பொது இடத்தைச் சரி செய்யணும் என்று சிஎஸ்ஓஎஸ் உத்தரவிடுவது பாடி கார்ப்பரேட்டுக்கு. அதாவது உங்களுக்கே. கட்டுமானக் குறைக்காக டெவலப்பரை அங்கே இழுத்தால் எங்க வேலை இல்லை என்று திருப்பிடுவாங்க.

லெவி பாக்கிக்கு சிஎஸ்ஓஎஸ் சரியான இடம். அங்கே அவர் டெவலப்பர் இல்லை, 18 வீட்டு உரிமையாளர். மனுவுக்கு 50 ராண்ட், தீர்ப்புக் கட்டத்துக்கு 100 ராண்ட். முதலில் உள்ளுக்குள் பேசித் தீர்க்கப் பார்த்ததற்கு ஆதாரம் கேட்பாங்க, அதனால் கடிதமும் அவர் பதிலும் முக்கியம். மனு பாடி கார்ப்பரேட் பெயரில் போகணும் என்றால் டிரஸ்டி தீர்மானம் வேணும். ரெண்டுக்கு ரெண்டு என்று மாட்டிக்கிட்டீங்களா?

மூன்றாம் மாடி | மார்ச் 14, இரவு 9.10

அதுதான் நடந்தது. அவருடைய ரெண்டு பேரும் "இப்போ வேண்டாம்" என்றுட்டாங்க.

பழைய டிரஸ்டி | மார்ச் 14, இரவு 9.40

அப்போ உறுப்பினர்கள் கூட்டம். மொத்தக் கோட்டாவில் 25 சதவீதம் உள்ளவர்கள் எழுதிக் கேட்டால் டிரஸ்டிகள் சிறப்புக் கூட்டம் கூட்டணும், 14 நாளில் கூட்டாவிட்டால் கேட்டவர்களே கூட்டலாம். உங்க 30 வீட்டுக்கும் சேர்த்து 58.75 சதவீதம். கோட்டாப்படி ஓட்டு எடுத்தாலும் நீங்க பெரும்பான்மை, தலை எண்ணினாலும் பெரும்பான்மை. அக்டோபர் கூட்டத்துக்கு எத்தனை பேர் போனீங்க?

மூன்றாம் மாடி | மார்ச் 14, இரவு 9.50

ஒன்பது பேர்.

பழைய டிரஸ்டி | மார்ச் 14, இரவு 10.05

கையெழுத்துப் போட்ட 26 பேரிடமும், வர முடியாவிட்டால் அவங்களுக்குப் பதிலா ஓட்டுப் போட அதிகாரம் தரும் பிராக்ஸி படிவம் வாங்குங்க. ஆனால் ஒருவர் எத்தனை பிராக்ஸி வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, எல்லாவற்றையும் நீங்களே வாங்கிக்காதீங்க, பலபேருக்குப் பிரிச்சுக் கொடுங்க.

கணக்குப்பிள்ளை | மார்ச் 15, காலை 9.30

கூட்டம் வரை சும்மா இருக்க வேண்டாம். டெவலப்பர் அடுத்த வீட்டை விற்கும்போது லெவி பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் சான்று இல்லாமல் டீட்ஸ் அலுவலகம் பதியாது. 1,36,620-ம் கட்டும் வரை கிளியரன்ஸ் கொடுக்காதே என்று ஏஜெண்டுக்கு எழுதுங்கள்.

பழைய டிரஸ்டி | மார்ச் 15, காலை 10.20

நல்ல யோசனை, ஆனால் ஒரு சொல்லில் தவறும். சான்று கேட்பது "அந்த வீட்டுக்கான" பாக்கியை மட்டும். 18 வீட்டுப் பாக்கிக்காக ஒரு வீட்டின் கிளியரன்ஸைப் பிடித்து வைத்தால் வாங்குகிற அப்பாவிக் குடும்பம் நடுவில் மாட்டும், அவசர வழக்கு வந்தால் செலவும் உங்க தலையில். அந்த ஒரு வீட்டுப் பாக்கியைக் கடைசி சென்ட் வரை வாங்குங்க. இப்போது ஏஜெண்ட் அதைக்கூட வாங்காமல் சான்று கொடுத்துட்டு இருப்பார் என்றுதான் என் சந்தேகம். பதிவேடுகளை எழுத்தில் கேளுங்க, 10 நாளில் காட்டணும்.

மூன்றாம் மாடி | மார்ச் 27, இரவு 8.15

பதிவேடு வந்தது. அக்கா சந்தேகப்பட்டது சரி. ஜனவரியில் விற்ற ரெண்டு வீட்டுக்கும் டெவலப்பரிடம் ஒரு சென்ட் வாங்காமல் கிளியரன்ஸ் போயிருக்கு. அந்த ரெண்டும் 30-க்குள் இருக்கு, அவற்றின் நவம்பர், டிசம்பர் பாக்கி நம்ம கணக்கில் வரவே இல்லை.

இப்போது எண் 41 விற்பனையில் இருக்கு. கோட்டா 2.5000, மாதம் 2,070. நவம்பர் முதல் மார்ச் வரை 10,350 ராண்ட், முந்தின மூணு மாதமும் சேர்த்தால் 16,560. ரெண்டு தொகையையும் தனித்தனியா எழுதி, நம்ம ரெண்டு டிரஸ்டிகளும் ஏஜெண்டுக்கு எழுத்தில் கொடுத்தாச்சு.

டெவலப்பர் பதிலில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காவலுக்கும் தோட்டத்துக்கும் சொந்தப் பணம் போட்டதாகவும் அதைக் கழிக்கணும் என்றும் இருக்கு.

கணக்குப்பிள்ளை | மார்ச் 27, இரவு 9.00

பில் கேளுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி, அந்தக் காவலாளி கட்டுமானத் தளத்தைக் காத்தாரா குடியிருப்பைக் காத்தாரா என்று பாருங்கள். அதே மூன்று மாதம் உங்கள் 28 வீட்டாரும் கட்டிய லெவி எங்கே போனது என்ற கணக்கும் கூடவே வேண்டும். அது வராமல் எதையும் கழிக்காதீர்கள். கழித்தாலும் அந்த மூன்று மாதத் தொகையில்தான், நவம்பருக்குப் பிந்தையதில் இல்லை.

மூன்றாம் மாடி | ஏப்ரல் 16, இரவு 9.30

11 குறைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டு மூணு கடிதமா அனுப்பினோம்.

சிறப்புக் கூட்டத்துக்கு 24 பேர் நேரிலும் பிராக்ஸியிலும். டிரஸ்டிகளில் இப்போது நம்ம ஆட்கள் மூணு, டெவலப்பர் ஆள் ஒன்று. சிஎஸ்ஓஎஸ் மனுவுக்குத் தீர்மானம் நிறைவேறியது. எண் 41-க்கு 10,350 கட்டிட்டார், மூணு மாதத்துக்கு 6,210-ஐ வக்கீல் கணக்கில் நிறுத்தி வைக்கச் சம்மதித்தார். அந்த மூணு மாத விவகாரம் இன்னும் முடியல.

கேமராவில் கேட்டிலிருந்து 4.2 மீட்டரில் இணைப்பு ஒரு விரல் விலகியிருப்பது தெளிவாத் தெரியுது. படத்தைப் பார்த்த பிறகு டெவலப்பர் பில்டரை அழைக்க ஒத்துக்கிட்டார், தேதி தரல. உரிமையை எழுதித் தர மறுக்கிறார்.

விளக்குக் கம்பத்தை என்ன செய்வது என்று தெரியல. துரு பிடிக்காத எஃகு என்று விற்பனைப் பட்டியலில் இருக்கு, காந்தம் நல்லா ஒட்டுது.

குழாய் வேலை | ஏப்ரல் 16, இரவு 10.00

காந்தம் ஒட்டுவதை மட்டும் நம்பாதீங்க, சில எஃகு வகை துருப் பிடிக்காது, ஆனால் ஒட்டும். அடியில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து, பட்டியலில் எந்த வகை எண் போட்டிருக்கு என்று எழுதுங்க. பம்ப் என்ன ஆச்சு?

மூன்றாம் மாடி | ஏப்ரல் 16, இரவு 10.10

வால்வில் தண்ணீர் வந்தது. பை கிழிஞ்சிருந்தது, மாத்தியாச்சு. இப்போது யாராவது குழாய் திறந்தால்தான் ஓடுது. பட்டியலைப் பார்த்துட்டு கம்பத்தின் வகை எண்ணை நாளை போடுறேன்.